எழுதி முடித்த கதையில் எதை, எந்த வரிசையில் வெட்டுவது

ஒரு கதையோ கட்டுரையோ எழுதி முடித்துவிட்டீர்கள். சம்பவங்களின் வரிசை சரிதான், முடிவும் சரிதான். ஆனாலும் படித்தால் எங்கேயோ இழுக்கிறது. சொன்னதையே சொல்கிறது, அரைப் பக்கத்தில் நான்கு ‘இருந்தது’ வருகிறது. அந்த நிலையில் உள்ள வரைவுக்கான வழிகாட்டி இது. கதையின் அமைப்பே மாற வேண்டும் என்றால் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள். நாளை தூக்கியெறியப்போகும் காட்சியில் இன்று ‘மிகவும்’ எடுத்துக்கொண்டிருப்பது வீண் வேலை.

ஆயிரத்து ஐந்நூறு சொல் கதைக்கு எனக்கு இது இரண்டு மாலைப்பொழுது பிடிக்கிறது. ஒரே மூச்சில் செய்தால் கடைசிப் பக்கத்துக்கு வரும்போது கண் எதையும் பிடிப்பதில்லை.

1. உட்காரும் முன்

வரைவை மூன்று நாளாவது மூடி வையுங்கள். எழுதிய மறுநாள் படித்தால், பக்கத்தில் உள்ளதைப் படிக்க மாட்டீர்கள். மனதில் உள்ளதைத்தான் படிப்பீர்கள். இரண்டு முறை வந்த சொல் ஒரு முறை வந்ததாகவே தோன்றும்.

அப்புறம் கோப்பைப் படியெடுத்து, பெயரில் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இனி வெட்டுவதெல்லாம் அந்தப் படியில்தான். வெட்டியதில் நாலில் ஒரு பங்கையாவது திரும்பக் கேட்பீர்கள், என் அனுபவத்தில் அப்படித்தான்.

பழைய எழுத்துருவில், அதாவது பாமினி போன்றவற்றில், தட்டச்சு செய்த கதை என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். அந்தக் கோப்பு திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். யூனிகோடில் அடித்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ‘என் கதையில் அந்தச் சொல்லே இல்லை’ என்று ஒருவர் நிம்மதியாக எழுந்து போனதைப் பார்த்திருக்கிறேன்.

2. பெரியதில் தொடங்குங்கள்

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் Ctrl+F அழுத்தி, திரும்ப வரும் சொல்லைத் தேடத் தொடங்குகிறார்கள். அது கடைசிக்கு முந்தைய வேலை. வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் வாக்கிய முடிவுகள், அடுத்து எடுத்தாலும் எதுவும் குறையாத நொய்ந்த வாக்கியங்கள், பிறகு அதே போல வேலை எதுவும் செய்யாத நிரப்பிச் சொற்கள், பிறகு எழுவாய்கள், அப்புறம் திரும்ப வரும் சொற்கள், கடைசியில் ஒற்று.

காரணம் எளிது. வாக்கியமே போகும்போது அதற்குள் இருக்கும் நிரப்பிகளும் சேர்ந்து போய்விடும். ஒரு வாக்கியத்தைத் திருத்தி எழுதினால் புதிய திரும்பல் பிறக்கும். ஆகவே திரும்பலைத் தேடுவது திருத்தி முடித்த பிறகுதான். ஒரு சொல்லை எடுத்தாலே பக்கத்துச் சொல்லின் ஒற்று மாறும் என்பதால் ஒற்று எல்லாவற்றுக்கும் கடைசி.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே பத்தியை வைத்து வேலை செய்வோம். தையற்கடை வைத்திருக்கும் அப்பாவைப் பற்றி நான் எழுதிய கதையின் முதல் வரைவிலிருந்து எடுத்தது. அதில் காஜா எடுப்பது என்றால் பொத்தான் துளையின் ஓரத்தை ஊசி நூலால் தைப்பது:

> நான் கடைக்குள் நுழைந்தேன். கடையில் ஒரு விதமான பழைய துணி வாசனை இருந்தது. அப்பா ஒரு பழைய நாற்காலியில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் ஒரு சோர்வு இருந்தது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அவர் மிகவும் தளர்ந்துபோயிருந்தார். நூல் முனையை எச்சிலில் நனைத்து ஊசியில் கோர்க்க முயற்சி செய்துகொண்டிருந்தார். மூன்று முறை முயற்சி செய்தும் அவரால் கோர்க்க முடியவில்லை. அவருக்கு வயதாகிவிட்டது என்பதை நான் உணர்ந்தேன். என் மனதில் ஒரு விதமான வலி ஏற்பட்டது.

பத்து வாக்கியம், ஐம்பத்தைந்து சொல். தப்பான வாக்கியம் என்று எதையும் காட்ட முடியாது. அதனால்தான் இதைத் திருத்துவது கடினம்.

3. வாக்கிய முடிவுகளை மட்டும் படியுங்கள்

தமிழில் வினை கடைசியில் வருகிறது. எனவே ஒரே மாதிரி ஓசை சேர்வதும் அங்கேதான். முழு வாக்கியமாகப் படிக்கும்போது கண் கதையின் பின்னால் போய்விடுவதால் இது தெரிவதில்லை. முடிவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

படியெடுத்த கோப்பை இன்னொரு முறை படியெடுங்கள். இந்தப் படி பார்ப்பதற்கு மட்டும், பிறகு அழித்துவிடலாம். வேர்டில் Ctrl+H திறந்து, தேடும் கட்டத்தில் ஒரு புள்ளியும் ஓர் இடைவெளியும், மாற்றும் கட்டத்தில் இதுவும் அடித்து, Replace All கொடுங்கள்:

```
.^p
```

ஒவ்வொரு வாக்கியமும் தனி வரியில் வந்து நிற்கும். கேள்விக்குறியில் முடிபவை தப்பிவிடும், பரவாயில்லை. இப்போது ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். நம் பத்தியில் அது இப்படி வரும்:

நுழைந்தேன், இருந்தது, எடுத்துக்கொண்டிருந்தார், இருந்தது, பார்த்துக்கொண்டிருந்தேன், தளர்ந்துபோயிருந்தார், செய்துகொண்டிருந்தார், முடியவில்லை, உணர்ந்தேன், ஏற்பட்டது.

பத்தில் ஆறு ‘இரு’ என்ற வினையில் முடிகின்றன. பத்தி ஏன் அசையாமல் நிற்கிறது என்பதற்கு விடை இதுதான். ‘இருந்தது’ ஒரு நிலையைச் சொல்கிறது, ‘கொண்டிருந்தார்’ முடியாத செயலைச் சொல்கிறது. ஆறு முறை இப்படி வந்தால் கடையில் எதுவும் நடந்து முடிவதில்லை.

இதில் இன்னொரு பிழையும் ஒளிந்திருந்தது. மூன்றாம் வாக்கியத்தில் அப்பா காஜா எடுத்துக்கொண்டிருக்கிறார். ஏழாம் வாக்கியத்தில் நூல் கோர்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. நடுவில் நூல் தீர்ந்திருக்க வேண்டும், அதை நான் எழுதவே இல்லை. ‘கொண்டிருந்தார்’ எது முன், எது பின் என்பதை மறைத்துவிடுகிறது. வரிசையாக இரண்டு ‘கொண்டிருந்தார்’ வரும் இடங்களில் எல்லாம் இதைச் சோதியுங்கள்.

அதற்காக எல்லாக் ‘கொண்டிருந்தார்’களையும் ஒழிக்கக் கிளம்ப வேண்டாம். ஒரு காட்சிக்குள் ஆள் நுழையும்போது அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதைச் சொல்ல அது தேவை. நான் உள்ளே போனபோது அப்பா காஜா எடுத்துக்கொண்டிருந்தார், அது சரி. அதன் பிறகு வருபவை எல்லாம் என் கண் முன்னால் நடப்பவை. அவற்றுக்கு ‘எடுத்தார், நனைத்தார், நீட்டினார்’ போதும்.

கட்டுரை எழுதுபவர்களுக்கு இந்தப் பட்டியலில் வேறு சொற்கள் வரும்: ‘ஆகும்’, ‘உள்ளது’, ‘காணப்படுகிறது’, ‘செய்யப்பட்டது’. ‘பட்டது’ அடிக்கடி வந்தால், ஒவ்வொன்றிலும் யார் செய்தது என்று கேளுங்கள். ஆள் தெரிந்தால் அவரை வைத்தே எழுதுங்கள். ‘கிணறு ஊர்மக்களால் தூர்வாரப்பட்டது’ என்பதற்கு ‘ஊர்மக்கள் கிணற்றைத் தூர்வாரினார்கள்’. செய்தவர் யார் என்று உங்களுக்கே தெரியாவிட்டால், அது சொல் பிரச்சினை அல்ல, தகவல் குறை.

4. நொய்ந்த வாக்கியங்கள்

நொய்ந்த வாக்கியம் என்று நான் சொல்வது, எடுத்துவிட்டால் வாசகருக்கு எதுவும் குறையாத வாக்கியத்தை. பிழையான வாக்கியத்தைக் கண்டுபிடிப்பது சுலபம், இது அப்படி இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் கையால் மூடிவிட்டு முன்னதையும் பின்னதையும் சேர்த்துப் படியுங்கள். எதையும் இழக்கவில்லை என்றால் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். இப்போதே வெட்டாதீர்கள். பத்தி முழுக்கக் கோடு போட்ட பிறகுதான் எவை ஒன்றுக்கொன்று நகல் என்று தெரியும்.

நம் பத்தியில் நான்கு வாக்கியங்களுக்குக் கோடு விழுந்தது. முகத்தில் சோர்வு, தளர்ந்துபோயிருந்தார், வயதாகிவிட்டது என்பதை உணர்ந்தேன், மனதில் வலி. நான்கும் ஒரே செய்தி. அந்தச் செய்தியை ஐந்தாவதாக இன்னொரு வாக்கியமும் சொல்கிறது: மூன்று முறை முயன்றும் நூல் கோர்க்க முடியவில்லை. தையற்காரரால் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்றால் வாசகருக்கு மற்ற நான்கும் தேவையில்லை.

இப்படி ஒரே செய்தியைப் பல வாக்கியங்கள் சொல்லும்போது எதை வைப்பது? கண்ணால் பார்க்கக்கூடியதை வையுங்கள். அங்கே இருந்த யாரும் பார்த்திருக்கக்கூடியது ‘மூன்று முறை முயன்றும் கோர்க்க முடியவில்லை’. ‘உணர்ந்தேன்’, ‘ஏற்பட்டது’, ‘தோன்றியது’ என்று முடிபவை பெரும்பாலும் முன்னால் வந்த காட்சிக்கு எழுத்தாளரே எழுதிய பொழிப்புரைதான்.

இங்கே புதியவர்கள் இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள். சிலர் காட்சியை வெட்டிவிட்டுப் பொழிப்புரையை வைத்துக்கொள்கிறார்கள், அது அழகான வாக்கியமாக இருப்பதால். சிலர் நான்கையும் சேர்த்து ஒரே நீள வாக்கியமாக்குகிறார்கள்: ‘சோர்வும் தளர்ச்சியும் வயோதிகமும் தெரியும் முகத்தோடு’. வாக்கிய எண்ணிக்கை குறைந்தது, ஆனால் திரும்பல் அப்படியே இருக்கிறது.

ஐந்தாம் வாக்கியத்தில், ‘நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்பதில், எனக்குத் தயக்கம் இருந்தது. கதைசொல்லி பார்ப்பதால்தானே இவ்வளவும் எழுதுகிறார்? பார்த்ததைச் சொல்லும்போது பார்த்தேன் என்பதும் அதில் அடங்கிவிடுகிறது. வெட்டினேன்.

வெட்டிய இடம் வெறுமையாக இருந்தால் அங்கே என்ன நடந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ‘வலி ஏற்பட்டது’ போனதும் பத்திக்கு முடிவே இல்லாமல் போனது. மூன்று முறை முடியாத மனிதர் அடுத்து என்ன செய்வார்? ஊசியை மகனிடம் நீட்டுவார். அந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன். வெட்டும் வேலையில் சேர்ப்பதற்கு இவ்வளவுதான் இடம்: ஒரு செயல், ஒரு வாக்கியம்.

5. நிரப்பிச் சொற்கள்

ஆளுக்கு ஆள் நிரப்பி வேறு. என்னுடையவை ‘ஒரு’, ‘உண்மையில்’, ‘கொஞ்சம்’. செய்தித்தாளில் வேலை பார்த்தவர்களுக்கு ‘என்பது குறிப்பிடத்தக்கது’ விரலிலேயே ஊறியிருக்கும். ஆகவே மற்றவர் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கதையின் நடுவிலிருந்து இரண்டு பக்கம் எடுத்து, எடுத்தால் அர்த்தம் மாறாத சொற்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். இரண்டு முறைக்கு மேல் வட்டம் விழுந்த சொல் உங்கள் பட்டியலில் சேரும். ஆறேழு சொற்கள் தேறும். அவற்றை மட்டும் கதை முழுக்கத் தேடினால் போதும்.

‘ஒரு’ மட்டும் எல்லோர் பட்டியலிலும் வரும், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். ‘அவர் ஒரு ஆசிரியர்’, ‘இது ஒரு முக்கியமான பிரச்சினை’, ‘முகத்தில் ஒரு சோர்வு’ ஆகியவற்றில் ‘ஒரு’ வேலை எதுவும் செய்யவில்லை. ‘அவர் ஆசிரியர்’ என்றால் போதும். ஆனால் ‘வாசலில் ஒரு கிழவர் நின்றார்’ என்பதில் ‘ஒரு’ வேண்டும். அதை எடுத்து ‘வாசலில் கிழவர் நின்றார்’ என்றால், நமக்கு ஏற்கெனவே தெரிந்த கிழவர் என்று ஆகிவிடும். வாசகர் முன் பக்கத்தைப் புரட்டித் தேடுவார். எனவே சோதனை இது: எண்ணிக்கை முக்கியமா? இல்லையென்றால், ஆளோ பொருளோ கதைக்குள் முதல் முறையாக வருகிறதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் எடுத்துவிடுங்கள். நம் பத்தியில் நான்கு ‘ஒரு’. நாற்காலிக்கு முன்னால் இருந்ததைப் பற்றி மட்டும் யோசித்தேன். நாற்காலி கதையில் மறுபடி வரப்போவதில்லை, நான்கும் போயின.

அடுத்த வகை, வினையைப் பெயராக்கி அதற்கு இன்னொரு வினை ஒட்டுவது. ‘முயற்சி செய்தார்’, ‘ஆய்வு மேற்கொண்டார்’, ‘வருகை புரிந்தார்’, ‘மாற்றம் ஏற்பட்டது’. முயன்றார், ஆராய்ந்தார், வந்தார், மாறியது. சில இடங்களில் பேச்சு வழக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். ‘கோர்க்க முயற்சி செய்தார்’ என்பதைக் ‘கோர்க்க முயன்றார்’ என்று மாற்றினேன். அப்பாவின் கடைக்கு அது கொஞ்சம் விறைப்பாகப் பட்டது. ‘கோர்க்கப் பார்த்தார்’ என்றால் நம் வீட்டுப் பேச்சாகவே இருக்கிறது.

மூன்றாவது, ஒரே வேலைக்கு இரண்டு ஆள் வைப்பது. ‘சுமார் ஐம்பது பேர் வரை’ என்பதில் சுமார், வரை இரண்டில் ஒன்று போதும். ‘இருந்தபோதிலும்கூட’, ‘மீண்டும் திரும்பி வந்தான்’ இரண்டும் அதே கதைதான்.

இனி எச்சரிக்கை. நிரப்பிகளை Replace All கொடுத்து அழிக்கவே அழிக்காதீர்கள். நான் ஒருமுறை ‘தான்’ அதிகமாக இருக்கிறது என்று தேடும் கட்டத்தில் அதை அடித்து, மாற்றும் கட்டத்தைக் காலியாக விட்டு அழுத்தினேன். ‘அவன்தான்’ எல்லாம் ‘அவன்’ ஆனது. கூடவே ‘வந்தான்’ எல்லாம் ‘வந்’ ஆனது. கதாநாயகன் எழுபது பக்கத்துக்கு வந், நடந், சிரித். படி எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தேன். ஒவ்வொன்றாகப் போய் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

உரையாடலை இந்த வேலையிலிருந்து விலக்கி வையுங்கள். மனிதர்கள் ‘வந்து’, ‘அதாவது’, ‘பாருங்க’ போட்டுத்தான் பேசுகிறார்கள். எல்லாப் பாத்திரங்களுக்கும் அதே ‘பாருங்க’ இருந்தால் மட்டும், அதை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்களிடமிருந்து எடுத்துவிடுங்கள்.

‘விடு’, ‘போ’ போன்ற துணைவினைகளும் நிரப்பி போலத் தெரியும், ஆனால் அல்ல. ‘அவன் வந்தான்’ என்பதும் ‘அவன் வந்துவிட்டான்’ என்பதும் ஒன்றில்லை. இரண்டாவதில் எதிர்பார்த்திருந்த ஒருவர் இருக்கிறார். சுருக்கும் ஆசையில் இதை எடுத்தால் அந்த ஆளையும் சேர்த்து எடுத்துவிடுகிறீர்கள்.

6. நான், அவன், அவள்

தமிழ் வினையிலேயே ஆள் இருக்கிறது. ‘நுழைந்தேன்’ என்றால் நான்தான். ‘நான் எழுந்தேன். நான் கதவைத் திறந்தேன்’ என்று எழுதுவது தன்மைக் கதையில் மிக அதிகமாகச் சேரும் பாரம். வாக்கியத்தின் முதல் சொல்லாக ‘நான்’ வரும் இடங்களைத் தேடி, முன் வாக்கியத்தின் எழுவாயும் நான்தான் என்றால் எடுத்துவிடுங்கள்.

எல்லா வினையிலும் இது நடக்காது. வேண்டும், முடியும், தெரியும், பிடிக்கும், கூடாது, இல்லை ஆகியவற்றில் ஆள் தெரியாது. ‘எனக்குத் தெரியும்’ என்பதில் ‘எனக்கு’ போனால் யாருக்குத் தெரியும் என்ற கேள்வி வரும். சூழல் அதற்குப் பதில் சொல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

படர்க்கையில் இன்னும் கவனம். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் இருக்கும் காட்சியில் ‘சிரித்தாள்’ என்பதே போதும். இரண்டு பெண்கள் பேசும் காட்சியில் ‘அவள்’ என்று வைத்தாலும் தெரியாது, எடுத்தாலும் தெரியாது. அங்கே பெயரையோ உறவுமுறையையோ திரும்பச் சொல்வதுதான் சரி. மரியாதைப் பன்மையும் இதே சிக்கல்தான். அப்பாவும் கடைக்கு வந்த வாடிக்கையாளரும் இருவருமே ‘சொன்னார்’ என்றால் வாசகர் தொலைந்துபோவார்.

7. திரும்ப வரும் சொற்கள்

திரும்பலுக்கான Ctrl+F இப்போதுதான். எந்தச் சொற்களைத் தேடுவது என்பதை முதலில் பக்கத்தைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். நம் சொற்கள் வேற்றுமை ஏற்கும்போது உருவமே மாறுகின்றன. ‘வீடு’ என்று தேடினால் ‘வீட்டில்’, ‘வீட்டுக்கு’ எதுவும் வராது. ‘வீட்’ என்று புள்ளியோடு இன்னொரு முறை தேட வேண்டும். ‘மரம்’ என்றால் ‘மரத்’, ‘மரங்’ என்று மேலும் இரண்டு. ‘வா’ என்ற வினைக்கு ‘வந்’, ‘வரு’, ‘வரா’. ‘பார்’ மட்டும் புண்ணியம் கட்டிக்கொள்கிறது, பார்த்தான், பார்க்க, பார்வை மூன்றும் ஒரே தேடலில் வந்துவிடும்.

எல்லாத் திரும்பலும் குற்றமில்லை. ஊசி, நூல், கடை போன்ற பொருட்பெயர்கள் எத்தனை முறை வந்தாலும் வாசகர் கவனிக்க மாட்டார். ‘சொன்னான்’ கூட அப்படித்தான். கண்ணில் உறுத்துவது நிறம், குணம், மனநிலை சொல்லும் சொற்கள். நம் பத்தியில் ‘பழைய துணி’, ‘பழைய நாற்காலி’. இவை ஒரு பத்திக்குள் இரண்டு முறை வரக்கூடாது. இன்னும் அபூர்வமான சொல், ‘அந்தகாரம்’ மாதிரி, கதை முழுக்க ஒரு முறைதான். இரண்டாம் முறை வந்தால் எழுத்தாளரின் விருப்பச் சொல் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

‘மெல்ல மெல்ல’, ‘திரும்பத் திரும்ப’, ‘வேறு வேறு’ போன்ற அடுக்குகளைத் தொடாதீர்கள். ஒன்றை எடுத்தால் வேறு அர்த்தம்.

திரும்பலைக் கண்டதும் மாற்றுச் சொல் தேடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. வீடு, அடுத்த வரியில் இல்லம், அதற்கடுத்து மனை. வாசகர் மூன்று கட்டடம் என்று நினைப்பார். ஓர் எழுத்துப் பட்டறையில் ஒருவர் எல்லாச் ‘சொன்னா’னையும் மாற்றி, சைக்கிள் கடைக்காரரை ‘இயம்ப’ வைத்திருந்தார். முதலில் இரண்டில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் இரண்டு வாக்கியத்தை ஒன்றாக்குங்கள். அதுவும் முடியாவிட்டால் திரும்பியே வரட்டும்.

நம் பத்தி இந்த இடத்தில் இப்படி இருந்தது:

> கடைக்குள் நுழைந்தேன். பழைய துணி வாசனை அடித்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தார். நூல் தீர்ந்ததும் புது நூலின் முனையை எச்சிலில் நனைத்து ஊசியில் கோர்க்கப் பார்த்தார். மூன்று முறையும் நுழையவில்லை. ஊசியை என்னிடம் நீட்டினார்.

முதல் வரைவில் இல்லாத ஒரு திரும்பல் இதில் வந்திருக்கிறது. முதல் வாக்கியத்தில் நான் நுழைகிறேன், ஐந்தாவதில் நூல் நுழையவில்லை. திருத்தி எழுதியதால் வந்தது. ஊசிக்கு ‘நுழைய’த்தான் சரியான சொல், அதற்கு மாற்று இல்லை. கடைக்குள் ‘போகலாம்’. ‘கடைக்குள் போனேன்’ என்று மாற்றினேன்.

8. வெட்டிய இடத்தில் ஒற்று

அவசரத்தில் பெரும்பாலோர் விட்டுவிடும் படி இது. ‘அந்தப் பெரிய வீடு’ என்பதில் ‘பெரிய’ போனால் மிஞ்சுவது ‘அந்தப் வீடு’. ப் போக வேண்டும். ‘அந்தச் சின்னப் பை’ என்பதில் ‘சின்னப்’ போனால் ‘அந்தச் பை’, அது ‘அந்தப் பை’ ஆக வேண்டும். ‘ஒரு பழைய ஆலமரம்’ என்பதில் ‘பழைய’ போனால் ‘ஓர் ஆலமரம்’ என்று எழுதுபவர்கள் அதையும் மாற்ற வேண்டும். நம் பத்தியில் ‘கோர்க்க முயற்சி’ என்று இருந்தபோது ஒற்று இல்லை. ‘பார்த்தார்’ வந்ததும் ‘கோர்க்கப்’ ஆனது.

நல்ல வேளையாக, இந்தப் பிழைகளில் ஒரு பகுதியைத் தேடலாம். சொல்லின் கடைசியில் க், ச், த், ப் இருந்தால் அடுத்த சொல் அதே எழுத்து வரிசையில் தொடங்க வேண்டும். தேடும் கட்டத்தில் ‘ப்’ அடித்து ஓர் இடைவெளி விடுங்கள், வரும் ஒவ்வொன்றிலும் அடுத்த சொல்லைப் பாருங்கள். பிறகு ‘க்’, ‘ச்’, ‘த்’. பத்து நிமிட வேலை. வர வேண்டிய ஒற்று விடுபட்டதை இந்தத் தேடல் பிடிக்காது, அதற்குப் படித்துத்தான் ஆக வேண்டும்.

வாக்கியத்தை வெட்டியிருந்தால் அடுத்த வாக்கியத்தின் தொடக்கத்தையும் பாருங்கள். ‘அதனால்’, ‘ஆனால்’, ‘அப்போது’ என்று தொடங்கினால், அது சுட்டும் வாக்கியம் இன்னும் இருக்கிறதா?

9. வாய்விட்டுப் படித்தல், நிறுத்துதல்

அச்செடுத்து, வாய்விட்டு, பேசும் வேகத்தில் படியுங்கள். கையில் பென்சில் மட்டும். நாக்கு தடுக்கிய இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு மேலே போங்கள், நின்று திருத்தாதீர்கள். நின்றால் ஓசை அறுந்துபோகும், அடுத்த தடுக்கல் தெரியாது. படித்து முடித்த பிறகு புள்ளிகளுக்குத் திரும்புங்கள்.

வெட்டுவது அளவு மீறும்போது அதற்கும் ஓசைதான் அடையாளம். வரிசையாக நாலைந்து வாக்கியங்கள் இரண்டு மூன்று சொல்லில் முடிந்தால் தந்தி வாசிப்பது போல இருக்கும். நம் பத்தியிலேயே ‘நூல் தீர்ந்தது. புது நூல் எடுத்தார். முனையை நனைத்தார்’ என்று முதலில் உடைத்துப் பார்த்தேன். அப்பாவின் கை அவ்வளவு வெட்டி வெட்டி நகராது. ‘தீர்ந்ததும்’, ‘நனைத்து’ என்று எச்சங்களால் கட்டியபோதுதான் அவர் வேகம் வந்தது. பத்துச் சொல் வாக்கியம், இந்தப் பத்தியில் அதுதான் நீளமானது.

இருபத்தேழு சொல் மிஞ்சியது, ஆறு வாக்கியம். இன்னொரு மாலை உட்கார்ந்து ‘உட்கார்ந்து’ என்ற சொல்லை எடுத்தேன், நாற்காலி என்றாலே உட்கார்ந்துதானே என்று. மறுநாள் திரும்ப வைத்தேன். ‘நாற்காலியில் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்’ என்றால் நாற்காலிக்கே காஜா எடுப்பது போல இருந்தது. எடுத்ததைத் திரும்ப வைக்கத் தொடங்கியதும் கோப்பை மூடிவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன்.